ரெண்டு பக்க கவர் லெட்டர் அரைப் பக்கத்தில் அடங்குமா?

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஒன்பது வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அவிநாசிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. "ஷிப்மென்டைத் தேதிக்கு அனுப்பிப் பழகியவர், துணிக் கணக்குத் தெரிந்தவர், ஐரோப்பிய பையர்களிடம் நேரடியாகப் பேசக்கூடியவர்" வேண்டுமாம். பயோடேட்டாவோடு அரைப் பக்கத்துக்கு மேற்போகாத கவர் லெட்டர் கேட்கிறார்கள். நான் எழுதியது முழுசாக ரெண்டு பக்கம். எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தும் ஒன்றரைப் பக்கத்துக்குக் கீழே இறங்கவில்லை. எதை எடுத்தாலும் நான் பட்ட பாடு காணாமல் போகிறது. ஒவ்வொரு பத்தியிலும் நாலு வரி குறைத்தால் சரியாகுமா? இன்னொன்று. இங்கே சேரும்போது, விலகினால் ரெண்டு வருடத்துக்கு இதே தொழிலில் வேறு கம்பெனிக்குப் போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். அதையும் கடிதத்தில் சொல்லிவிடட்டுங்களா? கடிதத்தையும் பயோடேட்டாவையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், திருப்பூர்

அம்மணி, நீங்கள் அனுப்பியதை முழுவதும் படித்தேன். வேலை தெரிந்தவர் எழுதிய கடிதம் என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் என்னுடைய கவலை உங்கள் திறமையைப் பற்றியது இல்லை. அந்த மூன்றாவது வரிக்குப் பிறகு படிப்பவர் எங்கே போய் நிற்பார் என்பதுதான்.

பத்திக்கு நாலு வரி குறைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் பத்து சாதனைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சமமாகக் குறைத்தால் பத்தும் இளைத்துப்போய், எதுவுமே மனதில் நிற்காத ஒரு பட்டியல் மிஞ்சும். ஏழு சாதனைகளை முழுசாக எடுத்துவிட்டு மூன்றை முழுபலத்தோடு வைப்பதுதான் வழி. எடுக்கிற ஏழும் வீணாகிவிடாது. சில பயோடேட்டாவில் ஏற்கெனவே இருக்கின்றன, சில இன்டர்வியூவில் பேச வேண்டியவை.

அரைப் பக்கம் என்றால் எத்தனை சொல்

முதலில் இடத்தை அளந்துகொள்வோம். ஏ4 தாள், நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், 11 பாயின்ட் எழுத்து, பத்திகளுக்கு நடுவே ஒரு வரி இடைவெளி. இப்படி அடித்தால் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமாராக 450 சொல் பிடிக்கும். அரைப் பக்கம் 225. வணக்கம், கையெழுத்து, இடைவெளி எல்லாம் போக நீங்கள் பேசுவதற்கு மிஞ்சுவது 160, 170 சொல். உங்கள் கடிதமோ 850 சொல்லைத் தொடுகிறது. ஐந்தில் ஒரு பங்காக ஆக வேண்டும். வாக்கியத்தை அங்கங்கே சுருக்கி இந்த அளவை எட்ட முடியாது. அதனால்தான் எழுத்தைச் சின்னதாக்கியும் உங்களால் ஒன்றரைப் பக்கத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை.

எழுத்து அளவை 10.5க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். ஓரத்தையும் ஒட்ட நறுக்க வேண்டாம். விண்ணப்பத்தை முதலில் திறப்பவர் பல நேரம் செல்போனில் திறக்கிறார். கூட்டத்துக்கு நடுவிலோ காரில் போகும்போதோ பார்க்கிறார். பொடி எழுத்தை விரலால் பெரிதாக்கிப் படிக்கும் பொறுமை அவருக்கு இருக்காது.

நம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விண்ணப்ப வடிவம் உங்கள் கடிதத்தில் அப்படியே இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், பார்வை, அப்புறம் "தங்கள் மேலான விளம்பரத்தைக் கண்டு மிகுந்த பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன்". இதற்கே பதினான்கு வரி போய்விட்டது. அரைப் பக்கத்தில் பாதிக்கும் மேல்! மெயிலில் அனுப்பும்போது அனுப்புநர், பெறுநர் முகவரி தேவையில்லை. தேதியை மெயிலே போட்டுக்கொள்ளும். பதவியின் பெயரையும் அனுபவத்தையும் மெயிலின் தலைப்பு வரியிலேயே வைத்துவிடலாம். பணிவு காட்ட "வணக்கம்" போதும். நேராக விஷயத்துக்கு வருவது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

எது இருக்கட்டும், எது போகட்டும்

விளம்பரத்தில் அவர்களே மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்கள். தேதிக்கு ஷிப்மென்ட், துணிக் கணக்கு, ஐரோப்பிய பையர். ஒரு தாளில் இந்த மூன்றையும் தலைப்பாகப் போட்டு, உங்கள் பத்து சாதனைகளையும் எது எதன் கீழே விழுகிறதோ அங்கே எழுதிப் பாருங்கள். எதன் கீழும் விழாதது, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கடிதத்தை விட்டு வெளியே.

அப்படிப் பார்த்தால் கல்லூரித் தங்கப் பதக்கம் போய்விடும். 2020இல் கொரோனா ஊரடங்கில் மாஸ்க் ஆர்டரை எடுத்து ஓட்டியது போய்விடும். சிறந்த ஊழியர் விருது, ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, கம்ப்யூட்டர் சான்றிதழ் எல்லாமே போகும். மாஸ்க் விஷயத்தில் உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். தையல் லைனையே மாற்றி, ஆள் இல்லாத நேரத்தில் செய்து முடித்த வேலை அது. ஆனால் இந்த விளம்பரம் போட்டவருக்கு மாஸ்க் தைக்க ஆள் வேண்டியதில்லை. சீனியர் மெர்ச்சண்டைசருக்கு ஜூனியர்களைப் பழக்குவது முக்கியம்தானே என்றும் கேட்கலாம். முக்கியம்தான். அது பயோடேட்டாவில் ஒரு வரியாக இருக்கிறது, அதற்கு அந்த இடம் போதும்.

இப்போது "தேதிக்கு ஷிப்மென்ட்" என்பதன் கீழே இரண்டு விஷயம் மோதுகின்றன. இங்கேதான் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒன்று, காலர் ரிப் துணியும் பாடி துணியும் ஷேடு ஒட்டாமல் போய், நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாக டையிங்கில் நின்று ரிப்பை மறுபடி ஓட்டி, ஏர்-இல் போகவிருந்த ஷிப்மென்டைக் கப்பலிலேயே அனுப்பிய கதை. இதற்குப் பதினாறு வரி கொடுத்திருக்கிறீர்கள். இன்னொன்று, உங்கள் ஆர்டர்களின் டி அண்ட் ஏ காலண்டரை, அதாவது எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணையை, மாற்றியமைத்தது. இதற்கு இரண்டே வரி.

நான் இதைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். ஷேடு கதை உங்கள் துணிச்சலைக் காட்டுகிறது, சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு ராத்திரி. காலண்டர் ஒரு வருடத்துப் பழக்கம். ஆள் எடுப்பவர் சம்பளம் கொடுக்கப்போவது பழக்கத்துக்குத்தான். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தொழில் தெரிந்த ஒருவர் ஷேடு கதையைப் படித்தால் அவருக்கு முதலில் தோன்றும் கேள்வி, "ரிப்பையும் பாடியையும் ஒரே லாட்டில் ஏன் சாயம் போடவில்லை? வந்ததும் ஏன் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை?" என்பதாக இருக்கும். உங்களிடம் பதில் இருக்கிறது. அந்த ஆர்டர் உங்கள் கைக்கு வந்ததே பாதியில்தான். அந்தப் பதிலைச் சொல்லக் கடிதத்தில் இடம் இல்லை. நேரில் இடம் உண்டு. ஆகவே அது இன்டர்வியூவுக்கு.

காலண்டர் விஷயத்தில் பலம் எங்கே இருக்கிறது தெரியுமா? பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில், கீழே ஒரு சின்னக் கட்டத்தில் கிடக்கிறது. 2022-23இல் உங்கள் ஆர்டர்கள் 40. தேதிக்குப் போனவை 27, ஏர்-இல் போனவை 4. 2023-24இல் ஆர்டர்கள் 44. தேதிக்குப் போனவை 41, ஏர்-இல் ஒன்றுகூட இல்லை. ஏர் ஃபிரெய்ட் ஒரு ஆர்டரின் லாபத்தை எப்படித் தின்றுவிடும் என்பது இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் இந்த எண்கள் ஒரு இடத்திலும் இல்லை. "பெரும்பாலான ஆர்டர்களைக் குறித்த நேரத்தில் அனுப்பினேன்" என்று மட்டும் இருக்கிறது. அப்படி எழுதாத மெர்ச்சண்டைசரே கிடையாது.

ஒரு பத்தியைச் சேர்ந்தே சுருக்கிப் பார்ப்போம்

துணிக் கணக்குப் பத்தியை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியது இது:

"எங்கள் நிறுவனத்தில் பல ஆண்டுகளாகத் துணிப் பற்றாக்குறை பெரிய தலைவலியாக இருந்து வந்தது. கட்டிங் மாஸ்டர் துணி போதவில்லை என்பார். டையிங்கில் கேட்டால் எடை சரியாகத்தான் அனுப்பினோம் என்பார்கள். இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவது மெர்ச்சண்டைசர்தான். நான் பொறுமையாக ஆராய்ந்து, காம்பாக்டிங் முடிந்து வரும் துணியின் ஜிஎஸ்எம் நாங்கள் கேட்டதைவிட அதிகமாக இருப்பதே காரணம் என்று கண்டுபிடித்தேன். அதன்பின் ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் ரோலை நேரில் போய்ச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டுமே மீதியை ஓட்டச் சொன்னேன். ஆரம்பத்தில் பலரும் எதிர்த்தார்கள். இதனால் துணிச் செலவு பெருமளவு குறைந்து, நிர்வாகத்தின் பாராட்டைப் பெற்றேன்."

தொழிலுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பின்னல் துணியைக் கிலோ கணக்கில்தான் வாங்குவதும் சாயம் போடுவதும். ஆனால் பனியன் வெட்டுவது பரப்பளவில். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். காம்பாக்டிங் என்பது துவைத்தால் அதிகம் சுருங்காமல் இருக்கத் துணியை முன்கூட்டியே நெருக்கி அமுக்கும் வேலை. 160 ஜிஎஸ்எம் கேட்ட இடத்தில் காம்பாக்டிங் முடிந்து 170 வந்தால், கிலோ கணக்கு சரியாக இருக்கும், பரப்பளவு குறைந்திருக்கும். பீஸுக்கு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் 1,000 கிலோவில் 5,000 பீஸ் வர வேண்டும். 170இல் 4,700தான் தேறும். மீதி 300 பீஸுக்கு மறுபடி நிட்டிங், மறுபடி சாயம், அது வேறு லாட் என்பதால் ஷேடு ஒட்டுமா என்ற பயம், அதற்குள் கப்பல் தேதி போய்விடும். டையிங்காரர் சொன்னதும் நிஜம், கட்டிங் மாஸ்டர் சொன்னதும் நிஜம். நடுவில் இருந்த காரணத்தை இந்த அம்மணி பிடித்திருக்கிறார்.

ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கப்போகும் மெர்ச்சண்டைசிங் மேனேஜருக்கு இந்த விளக்கம் எதுவும் தேவையில்லை. "ஜிஎஸ்எம்" என்ற ஒரு சொல்லிலேயே அவருக்கு முழுக்கதையும் புரிந்துவிடும். அதனால் முதலில் யார் என்ன சொன்னார்கள் என்பதை எடுப்போம். யார் எதிர்த்தார்கள், யார் பாராட்டினார்கள் என்பதையும் எடுப்போம். மிஞ்சுவது இவ்வளவு:

"காம்பாக்டிங் முடிந்து வரும் துணியின் ஜிஎஸ்எம் அதிகமாக இருப்பதால்தான் துணி பற்றவில்லை என்று கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் ரோலைச் சோதித்த பிறகே மீதியை ஓட்டச் செய்தேன். துணிச் செலவு பெருமளவு குறைந்தது."

பரவாயில்லை, ஆனால் கடைசி வாக்கியம் காற்றில் நிற்கிறது. "பெருமளவு" என்றால் எவ்வளவு? இதற்கும் உங்கள் பயோடேட்டா கட்டத்தில் விடை இருக்கிறது. துணி பற்றாமல் மறுபடி ஓட்டிய ஆர்டர்கள் முதல் வருடம் 40க்கு 11, அடுத்த வருடம் 44க்கு 3. அதைக் கொண்டுவருவோம். அப்புறம் "கண்டுபிடித்தேன்" என்ற வாக்கியத்தையும் எடுத்துவிடலாம். காரணம் தெரியாமல் யாரும் முதல் ரோலின் ஜிஎஸ்எம்மைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் செய்த மாற்றமே நீங்கள் காரணத்தைப் பிடித்ததைச் சொல்லிவிடும்.

"காம்பாக்டிங்கில் முதல் ரோலின் ஜிஎஸ்எம் பார்த்த பிறகே மீதியை ஓட்டும் முறையைக் கொண்டுவந்தேன். துணி பற்றாமல் மறுபடி ஓட்டிய ஆர்டர்கள் 40க்கு 11 ஆக இருந்தது, அடுத்த ஆண்டில் 44க்கு 3 ஆனது."

நீளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் முதலில் எழுதியதைவிட அதிகம் சொல்கிறது. முன்பு எப்படி இருந்தது, நீங்கள் என்ன மாற்றினீர்கள், பிறகு எப்படி ஆனது. இந்த மூன்றும்தான் ஒரு சாதனையின் எலும்பு. சுருக்கும்போது இந்த மூன்றில் ஒன்று காணாமல் போனால் அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்றும் இருந்து, கூடவே நாலாவதாக ஏதாவது இருந்தால் இன்னும் வெட்ட இடம் இருக்கிறது.

இதைச் சதவீதமாக மாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். "மறு ஓட்டத்தை 75 சதவீதம் குறைத்தேன்" என்பது பார்வைக்குப் பெரிதாகத் தெரியும், கணக்கும் கிட்டத்தட்ட சரிதான். ஆனால் படிப்பவர் உடனே எதில் 75 என்று கேட்பார். நாலு ஆர்டரை ஒன்றாக்கினாலும் 75 சதவீதம்தான். 40க்கு 11, 44க்கு 3 என்று நேரடியாகச் சொன்னால் கேள்வி எழாது, இடமும் கூடுதலாகப் பிடிக்காது.

"கொண்டுவந்தேன்" என்ற சொல்லில் இருக்கும் ஆபத்து

மூன்றாவது சாதனை ஐரோப்பிய பையர். "ஒரு ஜெர்மன் பையரைக் கொண்டுவந்து, 6,000 பீஸில் இருந்து சீசனுக்கு 1.8 லட்சம் பீஸாக வளர்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பயோடேட்டாவில் அந்த பையர் ஒரு கண்காட்சியில் உங்கள் முதலாளியைச் சந்தித்து வந்தவர் என்று இருக்கிறது. அப்படியானால் கொண்டுவந்தது முதலாளி. முதல் சாம்பிளிலிருந்து இன்றுவரை கவனித்தது நீங்கள். நீங்கள் செய்தது சின்ன வேலை இல்லை. டிரையல் ஆர்டரோடு கழன்றுபோகும் பையர்கள் எத்தனையோ பேர். ஆனால் சொல் சரியாக இருக்க வேண்டும். அரைப் பக்கமாகச் சுருக்கும்போது இந்தத் தப்பு எளிதாக நேர்ந்துவிடும். "குழுவோடு சேர்ந்து", "நிர்வாகத்தின் வழிகாட்டலில்" போன்ற சொற்கள் இடத்தைப் பிடிக்கின்றன என்று முதலில் அவற்றைத் தூக்குகிறோம். மிஞ்சும் வாக்கியம் முழுப் பெருமையையும் ஒருவருக்கே கொடுத்துவிடுகிறது. திருப்பூர் பெரிய ஊர்தான், மெர்ச்சண்டைசிங் வட்டம் சின்னது. ஒரு போன் காலில் விசாரித்துவிடுவார்கள். "முதல் சாம்பிளிலிருந்து நானே கவனித்து வருகிறேன்" என்று எழுதுங்கள். அது நிஜம், சொல்லும் கூடுதலாகச் செலவாகாது.

பையர் பெயரை நீங்கள் எழுதவில்லை, அது சரி. ஆனால் ஜெர்மன், குழந்தைகள் ஆடை, எந்த வருடம் வந்தார் என்று மூன்று அடையாளம் கொடுத்திருக்கிறீர்கள். தொழிலில் இருப்பவருக்கு இது பெயர் சொன்ன மாதிரிதான். "ஐரோப்பியக் குழந்தைகள் ஆடை பிராண்ட்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலை, மார்ஜின் எதுவும் வேண்டாம். பையர் அனுப்பிய பாராட்டு மெயிலையும், ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் அடங்கிய ஒரு டெக் பேக்கையும் மாதிரிக்கு இணைப்பதாகச் சொன்னீர்கள், தயவுசெய்து இணைக்காதீர்கள். அவை உங்கள் கம்பெனியின் தாள்கள். இன்றைய கம்பெனியின் தாளை வெளியே அனுப்புகிறவர் நாளை எங்கள் தாளையும் அனுப்புவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

கையெழுத்துப் போட்ட தாள்

இதைக் கடிதத்தில் ஒரு வரிகூடச் சொல்ல வேண்டாம். மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கவர் லெட்டர் அதற்கான இடம் இல்லை, அவ்வளவுதான். விண்ணப்பப் படிவத்திலோ இன்டர்வியூவிலோ கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அதில் பலம் இருக்குமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறு இடத்தில் வேலை செய்யக்கூடாது என்பது வேறு, அது செல்லும். விலகிய பிறகு வேறு கம்பெனிக்கே போகக்கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் கம்பெனியின் ரகசியத்தைக் காப்பது, நோட்டீஸ் காலம் முடித்துப் போவது போன்றவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை உங்களைக் கட்டுப்படுத்தும். அந்தத் தாளில் பணம் கட்ட வேண்டும் என்று ஏதாவது தொகை இருந்தால், ராஜினாமா கொடுப்பதற்கு முன்பு ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டிவிடுங்கள். நான் ஆள் எடுத்துக் கொடுப்பவன், வக்கீல் இல்லை.

கடைசிப் பத்தியில், அந்தக் கம்பெனி முதலாளி உங்கள் பெரியம்மா வீட்டுக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் இது வழக்கம்தான், புரிகிறது. அந்தக் கம்பெனியில் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் ஒருவர் இருந்து, தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னால், அந்தப் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள். அது பலம். வெறும் சொந்தம் என்றால் எடுத்துவிடுங்கள். முடிவெடுப்பவர் மேனேஜராக இருந்தால் அந்த வரி அவருக்கு நெருக்கடியாகத் தோன்றும்.

சேர்த்துப் பார்த்தால்

கீழே உள்ளதைத் தமிழில் தருகிறேன், எல்லோரும் படிக்கட்டும் என்று. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 160 சொல்லை ஒட்டி வரும்.

"வணக்கம்.

சீனியர் மெர்ச்சண்டைசர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 9 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இப்போது மூன்று ஐரோப்பிய பையர்களின் ஆர்டர்கள் என் பொறுப்பு.

ஆர்டர் உறுதியான 3 நாளுக்குள் லேப் டிப் அனுப்புவது, வாரந்தோறும் டையிங், பிரிண்டிங், ஆக்சஸரீஸ் தேதிகளைச் சரிபார்ப்பது என்று என் டி அண்ட் ஏ காலண்டரை மாற்றியமைத்தேன். 2022-23இல் 40 ஆர்டர்களில் 27 தேதிக்குப் போயின, 4 ஏர்-இல் போயின. 2023-24இல் 44இல் 41 தேதிக்குப் போயின, ஏர்-இல் எதுவும் போகவில்லை.

காம்பாக்டிங்கில் முதல் ரோலின் ஜிஎஸ்எம் பார்த்த பிறகே மீதியை ஓட்டும் முறையைக் கொண்டுவந்தேன். துணி பற்றாமல் மறுபடி ஓட்டிய ஆர்டர்கள் அதே காலத்தில் 11இலிருந்து 3 ஆயின.

ஐரோப்பியக் குழந்தைகள் ஆடை பிராண்ட் ஒன்றை 6,000 பீஸ் டிரையல் ஆர்டரின் முதல் சாம்பிளிலிருந்து நானே கவனித்து வருகிறேன். இன்று சீசனுக்கு 1.8 லட்சம் பீஸ். அவர்களுடன் தினசரி மெயிலும் வாராந்தர வீடியோ காலும் என் பொறுப்பு.

நோட்டீஸ் காலம் 60 நாள். பயோடேட்டா இணைத்துள்ளேன். நேரில் பேச வாய்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கீழே உங்கள் பெயரும் செல் நம்பரும் மட்டும். ஷிப்மென்ட் பத்தி மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விளம்பரத்தில் அவர்கள் முதலில் கேட்டது அதைத்தான், உங்களிடம் இருப்பதிலும் பலமானது அதுதான். துணிக் கணக்குப் பத்தியில் வருடத்தையும் மொத்த ஆர்டரையும் மறுபடி சொல்லவில்லை, மேலேயே வந்துவிட்டது. நோட்டீஸ் காலத்தைச் சொல்லியிருப்பதற்குக் காரணம், சீசன் தொடங்குவதற்கு முன் ஆள் வேண்டும் என்று தேடுபவருக்கு அது முதல் கேள்வியாக இருக்கும்.

இன்னும் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க வேண்டுமென்றால் மூன்றாவது சாதனையின் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுங்கள். எண்களைத் தொடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் இரண்டு விஷயம். கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் பயோடேட்டாவில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கடிதத்தில் 41, பயோடேட்டாவில் 42 என்று இருந்தால் இரண்டுமே நம்பகத்தன்மையை இழந்துவிடும். உங்கள் பயோடேட்டாவின் முதல் பக்கத்தில் அனுபவம் எட்டரை வருடம் என்று இருக்கிறது, கடிதத்தில் ஒன்பது. எது சரியோ அதையே இரண்டிலும் போடுங்கள். அப்புறம், 44இல் தேதி தவறிய அந்த மூன்று ஆர்டர்கள் எவை, ஏன் தவறின, எத்தனை நாள் தவறின என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ஷேடு கதையைச் சொல்லவும் அங்கேதான் இடம் வரும். ஆர்டர் உங்களிடம் வந்தபோது எந்த நிலையில் இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

மெயிலின் உள்ளேயே கடிதத்தை ஒட்டி அனுப்புங்கள். தனிக் கோப்பாகவும் வேண்டும் என்று விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் பிடிஎஃப் ஆக்கி, உங்கள் பெயரையும் பதவியின் பெயரையும் கோப்புக்கு வைத்து இணையுங்கள். கம்பெனி மெயிலிலிருந்தோ கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்தோ அனுப்ப வேண்டாம், உங்கள் சொந்த மெயிலிலிருந்தே அனுப்புங்கள்.